கடைக்காரர் காணாத நான்கு எண்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு துணிக்கடையில் பணம் செலுத்த வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மையார் தம் வங்கிக் கார்டை நீட்டினார். கல்லாவில் இருந்த இளைஞர் கார்டு மெஷினில் அதைச் செருகிவிட்டு, "நம்பரைச் சொல்லுங்கம்மா, நானே போட்டுக்கறேன்" என்றார். அம்மையாரும் நான்கு எண்களை உரக்கச் சொன்னார். வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "சார், அந்தப் பாட்டி வாயால் சொல்லாமல் தானே அழுத்தியிருந்தால் மட்டும் என்ன? மெஷின் கடையில் இருக்கிறது, கம்பியும் கடைக்காரருடையது. அவர் நினைத்தால் உள்ளே போகும் எண்ணைப் பார்த்துவிட மாட்டாரா?"

நியாயமான கேள்வி. எதிரியின் வீட்டிலேயே வைத்த பெட்டிக்குள் ஒரு இரகசியத்தைக் காப்பாற்றுவது எப்படி? இதற்கு விடை காண அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைப் படிப்படியாகக் காண்போம்.

நான்கு எண்கள் பிறந்த கதை

1967-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், வடக்கு லண்டனில் உள்ள என்ஃபீல்டு என்னும் பகுதியில் பார்க்ளேஸ் வங்கி பணம் வழங்கும் இயந்திரம் ஒன்றைத் திறந்து வைத்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் ஷெப்பர்ட்-பாரன். இவர் பிறந்தது நம் நாட்டின் ஷில்லாங் நகரில். அந்த இயந்திரத்தில் பிளாஸ்டிக் கார்டு கிடையாது. கார்பன்-14 என்ற கதிரியக்கப் பொருள் சிறிதளவு தோய்த்த காகிதச் சீட்டை உள்ளே இட வேண்டும். பிறகு ஒரு இரகசிய எண்ணை அழுத்த வேண்டும். ஆறு இலக்க எண்ணை வைக்கலாம் என்று தாம் எண்ணியதாகவும், தம் மனைவி நான்கு இலக்கங்களுக்கு மேல் நினைவில் நிற்காது என்று சொன்னதால் நான்காகக் குறைத்ததாகவும் ஷெப்பர்ட்-பாரன் பிற்காலத்தில் கூறினார். இதே காலத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் குட்ஃபெலோ என்ற பொறியாளரும் கார்டும் இரகசிய எண்ணும் சேர்ந்த முறைக்கு 1966-லேயே காப்புரிமை கோரியிருந்தார்.

நான்கு இலக்கங்கள் என்றால் 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்களே உண்டு. மனித நினைவுக்கு இது வசதி. ஆனால் இரகசியத்தைக் காக்க வேண்டியவர்களுக்கு இது பெரிய தலைவலி. எதனால் என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

தொடக்க கால இயந்திரங்கள் எண்ணைத் தமக்குள்ளேயே சரிபார்த்துக் கொண்டன. 1972-ஆம் ஆண்டில் லாயிட்ஸ் வங்கிக்காக ஐ.பி.எம். நிறுவனம் அமைத்த இயந்திரங்கள் தொலைபேசிக் கம்பி வழியே வங்கியின் கணினியுடன் பேசத் தொடங்கின. உடனே புதிய ஆபத்து முளைத்தது. கம்பியில் யாரேனும் காதை வைத்தால்? இதைத் தடுக்க, ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹார்ஸ்ட் ஃபைஸ்டல் என்பவர் 'லூசிஃபர்' என்ற மறைமொழி முறையை வகுத்தார். இதன் வழி வந்ததே டி.இ.எஸ். என்னும் முறை. அமெரிக்க அரசு 1977-ஆம் ஆண்டில் அதைத் தரமுறையாக ஏற்றது.

ஏறத்தாழ இதே நேரத்தில் முகமது அட்டாலா என்ற அறிஞரும் இத்துறைக்கு வந்தார். எகிப்தில் பிறந்த இவரை இயற்பியல் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவன் காங் என்பவருடன் சேர்ந்து மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை உருவாக்கியவர் இவர். தொலைவிலுள்ள வங்கிக்கு இரகசிய எண்ணை மறைமொழியில் அனுப்பிச் சரிபார்க்கும் முறைக்கு 1972-இல் அவர் காப்புரிமை கோரினார். எண்ணை அழுத்தும் இடத்திலேயே அதைப் பூட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தின் தொடக்கங்களில் இதுவும் ஒன்று.

பூட்டினால் மட்டும் போதுமா?

மறைமொழி முறையை ஒரு பூட்டாகக் கொள்ளலாம். அதற்குள் செல்வது 64 பிட்டுகள் கொண்ட செய்தி. வெளியே வருவதும் 64 பிட்டுகளே. ஆனால் இரண்டுக்கும் எவ்விதச் சாயலும் இராது. பூட்டவும் திறக்கவும் ஒரு திறவுகோல் வேண்டும். அது இரும்பால் ஆனதன்று. நீண்ட ஓர் எண். டி.இ.எஸ். முறையில் அதன் நீளம் 56 பிட்டுகள். அதாவது ஏறத்தாழ 72,000 இலட்சம் கோடி, சுருக்கமாக 7 × 10¹⁶ திறவுகோல்கள் இருக்க முடியும்.

இவ்வளவு பெரிய பூட்டு இருக்கும்போது கவலை எதற்கு என்று கேட்கலாம். நம் கடைக்காரர் இடத்தில் ஒருவரை வைத்துப் பார்ப்போம். அவருக்குத் திறவுகோல் தெரியாது. ஆனால் மெஷினிலிருந்து வெளியே செல்லும் மறைமொழியைக் கம்பியில் பதிவு செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். தம் சொந்தக் கார்டைச் செருகி 4729 என்று அழுத்துகிறார். வெளியே வந்த மறைமொழியைக் குறித்துக் கொள்கிறார். நாளை ஒரு வாடிக்கையாளர் எண்ணை அழுத்தும்போது அதே மறைமொழி வந்தால், அவருடைய எண்ணும் 4729 தான்! பூட்டைத் திறக்காமலே உள்ளே இருப்பது தெரிந்துவிட்டது. மொத்தம் 10,000 எண்களே இருப்பதால், பொறுமை உள்ளவர் முழு அட்டவணையையே தயாரித்துவிடலாம். இதுதான் நான் முன்பு சொன்ன தலைவலி.

இதற்குக் கண்ட தீர்வு எளிமையானது. இரகசிய எண்ணைத் தனியே பூட்டாமல், அந்தக் கார்டின் எண்ணோடு கலந்து பூட்டுவது. இன்று ஐ.எஸ்.ஓ. 9564 என்ற பன்னாட்டுத் தரமுறையில் இது இடம் பெற்றுள்ளது. ஓர் எடுத்துக்காட்டைச் செய்தே பார்ப்போம்.

கார்டு எண் 4000 1234 5678 9017 என்றும், இரகசிய எண் 4729 என்றும் கொள்வோம். முதலில் 16 இடங்கள் கொண்ட ஒரு வரி எழுதப்படுகிறது. முதல் இடத்தில் 0. இது எந்த வகை அமைப்பு என்பதைக் காட்டுகிறது. அடுத்து 4, இது இரகசிய எண்ணின் நீளம். பிறகு 4729. மீதி இடங்களில் எல்லாம் F. இங்கே நாம் பதினாறடிமான எண்முறையைப் பயன்படுத்துகிறோம் என்பதை நினைவிற் கொள்க. 9-க்குப் பின் A, B, C, D, E, F என்று 15 வரை எண்ண வேண்டும். ஒவ்வோர் இடமும் நான்கு பிட்டுகள்.

இரண்டாவது வரியில் முதலில் நான்கு சுழிகள். பிறகு கார்டு எண்ணின் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்னுள்ள 12 இலக்கங்கள். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண் ஆகையால் அதனால் பயனில்லை.

இந்த இரண்டு வரிகளையும் பிட்டுப் பிட்டாக ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாயிருந்தால் 0, வேறாயிருந்தால் 1. எடுத்துக்காட்டாக F என்பது 1111, 3 என்பது 0011. ஒப்பிட்டால் 1100, அதாவது C.

```
044729FFFFFFFFFF
0000012345678901
----------------
044728DCBA9876FE
```

மூன்றாம் வரிதான் பூட்டுக்குள் செல்லும் செய்தி. இதே 4729 என்ற எண்ணை வைத்திருக்கும் வேறொருவரின் கார்டில் கடைசிக்கு முந்தைய இலக்கம் 1-க்குப் பதில் 2 என்றால், இந்த வரி FD என்று முடியும். ஒரே ஓர் எழுத்து வேறுபாடுதான். ஆனால் நல்ல மறைமொழியின் இயல்பு என்னவென்றால், உள்ளே சிறு மாற்றம் செய்தாலும் வெளியே வருவது அடியோடு மாறிவிடும். எனவே கடைக்காரரின் அட்டவணை அவருடைய சொந்தக் கார்டுக்கு மட்டுமே பொருந்தும்; மற்றவர் கார்டுக்குப் பயன்படாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கலப்பில் இரகசியம் எதுவும் இல்லை. கார்டு எண் கார்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கலாம். அதை அறிந்தவர் மூன்றாம் வரியிலிருந்து 4729-ஐ உடனே பிரித்தெடுத்துவிடுவார். ஆகவே மூன்றாம் வரி ஒருபோதும் பெட்டியை விட்டு வெளியே வரக்கூடாது. காப்பது திறவுகோல் ஒன்றே.

ஒரு முறைக்கு ஒரு திறவுகோல்

அப்படியானால் அந்தத் திறவுகோல் எங்கே இருக்கிறது? கடையில் உள்ள பெட்டிக்குள்! ஒருவர் பல மாதங்கள் மறைமொழிகளைப் பதிவு செய்து வைத்திருந்து, பிறகு எப்படியோ பெட்டியைப் பிளந்து திறவுகோலை எடுத்துவிட்டால், பழைய வாடிக்கையாளர்கள் அத்தனை பேருடைய எண்களும் வெளிப்பட்டுவிடும்.

இதற்கு 1980-களின் பிற்பகுதியில் விசா நிறுவனத்தில் ஒரு விடை உருவாயிற்று. டி.யு.கே.பி.டி. என்று அதைச் சுருக்கமாக அழைப்பர். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் புதிய திறவுகோல். பயன்படுத்தியவுடன் அதை அழித்துவிட வேண்டும் என்பதே இதன் சாரம்.

வங்கியிடம் ஒரு மூலத் திறவுகோல் உண்டு. அது கடைக்கு வருவதே இல்லை. அதையும் பெட்டியின் வரிசை எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு, அந்தப் பெட்டிக்கே உரிய தொடக்கத் திறவுகோலைப் பாதுகாப்பான அறையில் பெட்டிக்குள் ஏற்றுவார்கள். பெட்டி அதிலிருந்து 21 குழந்தைத் திறவுகோல்களைப் பெற்றுக்கொண்டு, தொடக்கத் திறவுகோலை அழித்துவிடும். இந்தக் கணக்கு ஒருவழிப் பாதை. பாலில் கலந்த டிகாஷனைத் திரும்பப் பிரிக்க முடியாதது போல, குழந்தையிலிருந்து பெற்றோரைக் கண்டுபிடிக்க முடியாது.

பெட்டிக்குள் 21 பிட்டுகள் கொண்ட ஓர் எண்ணி உள்ளது. எத்தனையாவது பரிமாற்றம் என்பதை அது காட்டும். எண்ணி 4 என்று காட்டுவதாகக் கொள்வோம்; இரும முறையில் அது 100. நான்காம் திறவுகோல் எண்ணைப் பூட்டுகிறது. அழிவதற்கு முன் அது 101, 110 என்ற இரண்டு குழந்தைகளை, அதாவது 5, 6 ஆகியவற்றின் திறவுகோல்களை, உண்டாக்கிவிட்டுச் செல்கிறது. பின்னர் 6-இன் திறவுகோலிலிருந்து 111, அதாவது 7 பிறக்கும். இப்படியே தலைமுறைகள் தொடரும்.

வங்கிக்கு இது எப்படித் தெரியும்? மறைமொழியுடன் பெட்டியின் வரிசை எண்ணும் எண்ணியின் மதிப்பும் வெளிப்படையாகவே செல்கின்றன. எண்ணி 7 என்றால், வங்கி தன் மூலத் திறவுகோலிலிருந்து தொடக்கத் திறவுகோலைக் கணக்கிட்டு, அங்கிருந்து 4, 6, 7 என்று மூன்று படிகள் இறங்கினால் போதும். எண்ணியில் எத்தனை 1-கள் உள்ளனவோ அத்தனை படிகள். வேலை மிகாமல் இருக்க, பத்துக்கு மேல் 1-கள் வரும் எண்களைப் பெட்டி தாண்டிச் சென்றுவிடும். அப்படித் தாண்டியும் 10,48,575 பரிமாற்றங்கள் கிடைக்கின்றன. நாளொன்றுக்கு 500 என்றாலும் ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் வரும். அது முடிந்ததும் பெட்டி எண்களை வாங்க மறுக்கும். புதுத் திறவுகோல் ஏற்ற வேண்டும்.

இப்போது பெட்டியைப் பிளந்தவருக்கு என்ன கிடைக்கும்? இனி வரப்போகும் திறவுகோல்கள் மட்டுமே. நேற்று வரை பயன்பட்டவை அங்கே இல்லை. இருப்பவற்றிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடவும் வழியில்லை. நேற்றைய வாடிக்கையாளர் தப்பினார். ஆனால் நாளைய வாடிக்கையாளர்? அவரைக் காப்பது கணிதமன்று, இயற்பியல்.

பிளந்தால் மறக்கும் பெட்டி

பெட்டிக்குள் இருக்கும் திறவுகோல்கள் சிறு மின்கலத்தின் ஆதரவில் இயங்கும் நினைவகத்தில் உள்ளன. மின்சாரம் நின்றால் நினைவு அழியும். அந்த நினைவகத்தையும் விசைப்பலகையின் மின்சுற்றையும் சுற்றி, மயிரிழை போன்ற மின்பாதைகள் நெளிந்து நெளிந்து வலைபோல ஓடுகின்றன. துளையிடும் கருவி ஓர் இழையை அறுத்தாலும், இரண்டு இழைகளை ஒட்டவைத்தாலும் மின்னழுத்தம் மாறும். அந்தக் கணமே நினைவகம் துடைக்கப்படும். மூடியைக் கழற்றினால் விடுபடும் சிறு தொடுமுனைகளும் உண்டு. அவை பொத்தான்களுக்கு அடியில் உள்ள தொடுமுனைகளைப் போலவே அமைந்தவை.

இன்னொரு நுட்பம் நம் பாடத்தோடு தொடர்புடையது. நினைவகத்தை மிகவும் குளிரவைத்தால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதிலுள்ள செய்தி சற்று நேரம் அழியாமல் நிற்கும். மின்னூட்டம் கசியும் வேகம் வெப்பநிலையோடு குறைவதே காரணம். எனவே உறையவைத்துத் திருட முயல்வோரைக் கண்டுகொள்ள, பெட்டிக்குள் வெப்பநிலை உணர்வியும் வைக்கிறார்கள். இயல்புக்கு மீறிக் குளிர்ந்தால் முதலில் திறவுகோல்களை அழித்துவிடும்.

ஒரு முறை இவ்வாறு அழிந்த பெட்டி திரையில் அதைத் தெரிவிக்கும். பிறகு இரகசிய எண்ணைப் பெற்றுக்கொள்ளாது. கைதவறிக் கீழே போட்ட மெஷின்கள் சில வேளை இப்படி ஆவதுண்டு. அதைக் கடையில் பழுது பார்க்க முடியாது. திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

எண்ணை அழுத்தும்போது திரையில் நட்சத்திரக் குறிகள் மட்டும் தெரிவதும், எல்லாப் பொத்தான்களும் ஒரே மாதிரி ஒலிப்பதும் இதே கவலையால்தான். கடையின் கணினிக்கு வந்து சேர்வது பூட்டிய மறைமொழி மட்டுமே. அது வங்கிக்குப் போகும் வழியில் ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது, ஒரு திறவுகோலிலிருந்து வேறொன்றுக்கு மாற்றிப் பூட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையும், இதே போலப் பிளந்தால் மறக்கும் வேறொரு பெட்டிக்குள்தான் நடைபெறும். இறுதியில் கடைக்குத் திரும்புவது 'சரி' அல்லது 'தவறு' என்ற விடை மட்டும்.

பூட்டு இல்லாத வழி

இத்தனை இருந்தும் பெட்டி தோற்றதுண்டா? உண்டு, இரண்டு வகையில்.

முதலாவது, பூட்டு பழையதாயிற்று. 1998-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, இரண்டரை இலட்சம் டாலருக்கும் குறைவான செலவில் கட்டிய கணினியால் ஒரு டி.இ.எஸ். திறவுகோலை 56 மணி நேரத்தில் தேடிப் பிடித்தது. வங்கிகள் டி.இ.எஸ். பூட்டை மும்முறை போடும் முறைக்கு மாறின. பிறகு 2001-இல் தரமுறையாக்கப்பட்ட ஏ.இ.எஸ். என்ற வலுவான மறைமொழிக்கு ஏற்ப, ஒரு முறைக்கு ஒரு திறவுகோல் என்ற ஏற்பாடும் 2017-இல் புதுப்பிக்கப்பட்டது.

இரண்டாவது தோல்வி இன்னும் பாடம் தருவது. 2008-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார் டிரைமர், ஸ்டீவன் மர்டாக், ராஸ் ஆண்டர்சன் ஆகிய மூவரும் பிரிட்டனில் பெருவழக்கில் இருந்த இரண்டு மாதிரிப் பெட்டிகளை ஆராய்ந்தனர். அங்கே பல கார்டுகளில் இரகசிய எண்ணை வங்கி சரிபார்ப்பதில்லை. கார்டில் பதித்த சிப்பே சரிபார்த்தது. மலிவான வகைச் சிப்புகளால் மறைமொழியைத் திறக்க இயலாது. ஆகவே பெட்டி அந்த எண்ணைப் பூட்டாமலே சிப்புக்கு அனுப்பியது. அந்த ஒரு குறுகிய மின்பாதைக்குப் பாதுகாப்பு வலை போதவில்லை. ஒரு மாதிரியில், வளைத்த காகிதக் கிளிப் ஒன்றைத் துளை வழியே நுழைத்து அந்தப் பாதையைத் தொட முடிந்தது. வலை அறுபடவில்லை, நினைவகம் அழியவில்லை, பெட்டி ஏதும் அறியாமல் வழக்கம்போல் வேலை செய்தது. எண் மட்டும் வெளியே வந்துகொண்டிருந்தது.

மறைமொழி தோற்றதாக இதைக் கொள்ளக் கூடாது. மறைமொழி இல்லாத இடத்தில்தான் திருட்டு நுழைந்தது. விரலுக்கும் பூட்டுக்கும் இடையே உள்ள வழியும் அப்படிப்பட்டதே. தலைக்கு மேலுள்ள கேமரா, தோளுக்குப் பின்னுள்ள கண், உண்மையான மெஷினைப் போலவே செய்த போலிப் பெட்டி ஆகியவற்றுக்கு எதிராக எந்தத் திறவுகோலும் உதவாது. அங்கே உதவுவது, அழுத்தும் கையை மறைக்கும் மற்றொரு கைதான்.

எனவே என் மாணவருக்கு நான் சொன்ன விடை இது. பாட்டி தாமே அழுத்தியிருந்தால், ஒழுங்கான மெஷினில் அந்த நான்கு எண்களும் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கார்டு எண்ணோடு கலந்து, அந்த ஒரு முறைக்கே பிறந்த திறவுகோலால் பூட்டப்பட்டு, அந்தத் திறவுகோலும் அழிந்திருக்கும். அவர் வாயால் சொன்னார். எண் பெட்டிக்குள் போகும் முன்பே கடை முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

மாணவர் சற்று யோசித்துவிட்டு, "எங்கள் பெட்ரோல் பங்கிலும் அப்படித்தான் சார் கேட்கிறார்கள். இனிமேல் மெஷினைக் கையில் வாங்கிக்கொள்கிறேன்" என்றார்.